மேட்டூர் அணை எவ்வளவு சுருங்கியிருக்கு? ஸ்ரீரங்கத்தில் இருந்தே அளக்கலாம்!

ஜூன் பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: “மேட்டூர்ல தண்ணி எவ்வளவு இருக்கு?” வழக்கமாக ஜூன் 12-ம் தேதி அணை திறக்கப்பட வேண்டும். 2024-ல் அந்தத் தேதியில் திறக்கவில்லை. நீர்மட்டம் 40 அடி அளவில்தான் கிடந்தது. ஜூலை கடைசியில் கர்நாடகத்திலிருந்து வெள்ளம் வந்தது. 28-ம் தேதி அணை திறக்கப்பட்டது. இரண்டே நாளில் 120 அடியைத் தொட்டு நிரம்பியும்விட்டது.

இந்த ‘அடி’ கணக்கு தினமும் செய்தியில் வருகிறது. ஆனால், அணையின் நீர்ப்பரப்பு எத்தனை சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது என்பது அந்தச் செய்தியில் இருக்காது. அதை மேலிருந்து செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2. படங்கள் இலவசம். கோப்பர்னிகஸ் பிரவுசர் தளத்தைத் திறந்து மேட்டூரைத் தேடினால் போனிலேயே பார்க்கலாம்.

தண்ணீரை எப்படி அடையாளம் காண்பது?

வெறும் கலர் படத்தை வைத்து இது தண்ணீர், இது சேறு என்று பிரிப்பது கஷ்டம். அதற்கு ஒரு எளிய வழியை 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மண்ணும் பயிரும் நேர்மாறு. அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். சென்டினலில் பச்சை பேண்டின் பெயர் B3, அண்மை அகச்சிவப்பு B8.

```
NDWI = (B3 - B8) / (B3 + B8)
```

ஒரு உதாரணம். தெளிந்த தண்ணீரில் பச்சை 0.06, அகச்சிவப்பு 0.02 என்றால் விடை 0.5. காய்ந்த ஆற்று மணலில் 0.20, 0.30 என்றால் விடை மைனஸ் 0.2. பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர், கீழே இருந்தால் தரை. அவ்வளவுதான்.

படத்தில் ஒரு பிக்சல் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். தண்ணீர் என்று தேறிய பிக்சல்கள் பத்தாயிரம் சேர்ந்தால் ஒரு சதுர கி.மீ. மேட்டூர் முழுசாக நிரம்பினால் பரப்பு சுமார் 153 சதுர கி.மீ.; அதாவது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். எண்ணும் வேலையை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இதையே அம்மா மண்டபத்துக் காவிரியில் செய்து பார்த்தால் சொதப்பும். கோடையில் அங்கே தண்ணீர் மணலுக்கு நடுவே மெல்லிய ஓடையாகத்தான் போகிறது. ஒரே பிக்சலுக்குள் பாதி மணல், பாதி தண்ணீர். அணை அளவுக்கு விரிந்த பரப்பில் இந்தக் கலப்பு கரையோரத்தோடு நின்றுவிடும். ஆனாலும் அங்கேயும் கணக்கில் பிழை உண்டு. கரையின் நீளம் 300 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அரை பிக்சல் தவறினாலே ஒன்றரை சதுர கி.மீ. கூடும் அல்லது குறையும். ஆகவே, “ஒரே வாரத்தில் ஒரு சதுர கி.மீ. சுருங்கிவிட்டது” என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டியதில்லை.

பச்சைத் தண்ணீர் செய்யும் குழப்பம்

மேட்டூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்து தேங்கும்போது பாசி படர்ந்து நீரே பச்சையாகிவிடும். பாசியும் தாவரம் மாதிரிதான். அது அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். பச்சை 0.08, அகச்சிவப்பு 0.12 என்று வந்தால் விடை மைனஸ் 0.2. மேலே பார்த்த காய்ந்த மணலுக்கும் இதே எண்தான்! தண்ணீர் அங்கேயே இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் காணாமல் போய்விடுகிறது. புதுவெள்ளத்தின் செம்மண் கலங்கலும் ஓரளவு இதே வேலையைச் செய்யும்.

இதற்கு மருந்து 2006-ல் வந்தது. சூ என்ற சீன ஆய்வாளர், அண்மை அகச்சிவப்பை எடுத்துவிட்டு குறும் அலை அகச்சிவப்பைப் போட்டார்; சென்டினலில் அந்த பேண்ட் B11. பாசி இருந்தாலும் கலங்கியிருந்தாலும் நீர் இந்த ஒளியை விழுங்கிவிடும். அதே பாசித் தண்ணீரில் B11 0.02 என்றால் விடை 0.6, மணலில் அது 0.40 என்றால் விடை மைனஸ் 0.33. இப்போது இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிட்டன. B11-ன் பிக்சல் மட்டும் 20 மீட்டர் என்பதால் கரையோரம் கொஞ்சம் மழுங்கும். மேட்டூரைப் பொறுத்தவரை அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதே நல்லது. அணையை ஒட்டிய மலைகளின் நிழல்கூட சில சமயம் தண்ணீர் மாதிரி ஏமாற்றும். அணை நிரம்பியிருந்த நாளின் எல்லையை வரைந்துகொண்டு, அதற்கு உள்ளே மட்டும் எண்ணினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

சுருங்காமலே சுருங்கும் அணை

பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுபவர்கள் விழும் குழி வேறு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 600, 200 என்று இருந்த தண்ணீர் 1600, 1200 ஆகிவிடும். 0.5 என்று வந்த விடை 0.14 ஆகச் சுருங்கும். பூஜ்யத்தை எல்லையாக வைத்திருந்தால் தப்பிக்கலாம். மண்ணைத் தவிர்க்க 0.2-ஐ எல்லையாக வைத்தவருக்கோ 2021-ல் நிறைந்திருந்த அணை 2022-ல் வற்றிப்போனதாகத் தெரியும். கூகுள் எர்த் எஞ்சினில் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்த தொகுப்பு தனியாகவே இருக்கிறது:

```
COPERNICUS/S2_SR_HARMONIZED
```

வந்த விடை சரியா என்று பார்க்க, அதே நாளின் நீர்மட்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மட்டம் ஏறிய வாரத்தில் பரப்பு குறைந்ததாக வந்தால், தப்பு பெரும்பாலும் மேகத்திலோ கணக்கிலோதான். பண்ணவாடி பக்கம் நீர் நன்றாக இறங்கியதும் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். நந்தி வெளியே நிற்கும் போட்டோ பேப்பரில் வந்த நாளில் அந்த இடம் வரைபடத்தில் முழு நீலமாக இருந்தால், எல்லையைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு அடி என்பது எவ்வளவு?

பரப்பு தெரிந்தால் என்ன லாபம் என்றால், ‘ஒரு அடி’யின் எடை தெரிந்துவிடும். அணை நிரம்பியிருக்கும்போது பரப்பு 153 சதுர கி.மீ. அதில் ஒரு அடி இறங்கினால் ஏறத்தாழ 1.65 டி.எம்.சி. தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். பரப்பு பாதியாகச் சுருங்கிய பிறகு அதே ஒரு அடிக்கு 0.82 டி.எம்.சி.தான். அதனால்தான் கீழ்மட்டத்தில் அடி மளமளவென்று இறங்குகிறது. வெள்ளம் வரும்போது மளமளவென்று ஏறவும் செய்கிறது. 40 அடியிலிருந்து 50 அடிக்கு ஏறியதும், 110-லிருந்து 120-க்கு ஏறியதும் செய்தியில் ஒரே ‘10 அடி’தான். முக்கொம்பு தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேரக்கூடிய தண்ணீரில் இரண்டும் ஒன்றல்ல.

பல வருடப் படங்களை அடுக்கினால் இன்னொன்றும் தெரியவரும். 1934-ல் கட்டி முடித்த அணை இது. அடியில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருடம் நீர்மட்டம் 90 அடியில் இருந்த நாளின் பரப்பையும், பத்து வருடம் கழித்து அதே 90 அடியில் இருந்த நாளின் பரப்பையும் பக்கத்தில் வைத்தால் போதும். மட்டம் ஒன்று, பரப்பு மட்டும் குறைந்திருக்கிறது என்றால், விடுபட்ட இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது வண்டல்தான். மத்திய நீர் ஆணையம் அணைகளின் வண்டலைச் செயற்கைக்கோள் படத்தில் கணக்கிடுவதும் இதே முறையில்தான். நிரந்தரமாக நீருக்கடியில் இருக்கும் பகுதியை மட்டும் எந்தப் படமும் காட்டாது. அதற்குப் படகில் போய் ஆழத்தை அளந்தால்தான் உண்டு.