நீராவியின் உள்ளுறை வெப்பம்

கொதிக்கும் நீரின் வெப்பநிலை 100 டிகிரி சென்டிகிரேடு. அதிலிருந்து எழும் நீராவியின் வெப்பநிலையும் அதே 100 டிகிரிதான். வெப்பமானியை நீரில் அமிழ்த்தினாலும், நீருக்கு மேலே ஆவியில் பிடித்தாலும் பாதரசம் ஒரே கோட்டில்தான் நிற்கும். ஆயினும் ஆவியால் வெந்த புண், வெந்நீரால் வெந்த புண்ணைவிடக் கொடிதாக இருப்பதைச் சமையலறையிலும், நெல் அவிக்கும் ஆலைகளிலும் வேலை செய்வோர் நன்கு அறிவர். வெப்பநிலை ஒன்றாயிருக்க, விளைவு வேறாவது ஏன்? வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு என்பதை உணர்ந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்தை ஒரு கலோரி என்கிறோம். 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். ஆனால் கொதிநிலையை அடைந்த அந்த நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஒரு பாத்திரத்திலுள்ள நீர் கொதிக்கத் தொடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று என்று கொள்வோம். அதே நெருப்பில் அது முற்றிலும் வற்ற அதன்பின் ஒன்றேகால் மணி நேரத்திற்கு மேல் ஆகும். இந்த நேரம் முழுவதும் வெப்பம் பாத்திரத்தினுள் சென்றுகொண்டே இருக்கிறது. வெப்பமானியோ சிறிதும் ஏறுவதில்லை.

இவ்வாறு செல்லும் வெப்பம் எங்கே போகிறது? நீர் நிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆவி நிலையில் அவை பிரிந்து தனித்தனியே திரிகின்றன. அந்தப் பிடியை விடுவிப்பதற்கே 540 கலோரியின் பெரும்பகுதி செலவாகிறது. விரியும் ஆவி வெளிக்காற்றைத் தள்ளி இடம் பிடிப்பதற்கும் ஒரு சிறு பகுதி செலவாகிறது. வெப்பமானிக்குப் புலப்படாமல் ஆவிக்குள் தங்கியிருப்பதால் இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஆவி மீண்டும் நீராகும்போது இந்த 540 கலோரியும் குறைவின்றி வெளிப்படும்.

இவ்வுண்மையை 1760-ஆம் ஆண்டுகளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்பார் ஆராய்ந்து நிறுவினார். நீர் கொதிக்கத் தொடங்க ஆகும் நேரத்தையும் அது வற்ற ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டே அவர் இம்முடிவுக்கு வந்தார். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட், ஆவியானது தன் எடையைப் போல் சுமார் ஆறு மடங்கு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு வியந்தார். பிளாக் அதற்குக் காரணம் கூறினார்.

இனி, ஆவி தோலில் படும்போது நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி எனக் கொள்வோம். ஒரு கிராம் கொதிநீர் தோலின்மேல் விழுந்து 35 டிகிரிக்குக் குளிர்ந்தால் 65 கலோரி வெளிப்படும். ஒரு கிராம் ஆவியோ முதலில் நீராக மாறும்போதே 540 கலோரியை விடுகிறது. பின்னர் அந்நீர் குளிரும்போது 65 கலோரியையும் விடுகிறது. மொத்தம் 605 கலோரி. அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். அதே வெப்பநிலையில் உள்ள ஒரு கிராம் உலர்ந்த காற்று அவ்வாறு குளிர்ந்தால் 16 கலோரிகூட வெளிவராது. சூடான அடுப்பறைக்குள் ஒரு கணம் கையை நீட்டி எடுப்பவர் தப்புவதும், ஆவியில் கை வைத்தவர் அதே கணத்தில் புண்படுவதும் இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிராம் ஆவி ஏறத்தாழ 1,670 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்திருக்கும். நீரானதும் அது ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே தோலை ஒட்டிய ஆவி நீரானவுடன் அங்கே இடம் காலியாகிறது; புதிய ஆவி அவ்விடத்திற்கு உடனே பாய்கிறது. கொதிநீர் தோலில் பட்டதும் குளிரத் தொடங்கிவிடும். ஆவியோ தோலை அகற்றும்வரை தொடர்ந்து வந்து தன் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும்.

எனினும் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. ஒப்பீடு சம எடைக்கே பொருந்தும். ஒரு லிட்டர் ஆவியின் எடை சுமார் 0.6 கிராம் மட்டுமே. எனவே ஒரு குடம் கொதிநீர் உடலில் கவிழ்ந்தால், ஒரு கணம் பட்ட ஆவியைவிட அது மிகப் பெரிய தீங்கை விளைவிக்கும். ஆடையில் ஊறிய வெந்நீரும் நெடுநேரம் தோலைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

வகுப்பில் இதனை எளிதாகக் காட்டலாம். 30 டிகிரியிலுள்ள 200 கிராம் நீரில் 10 கிராம் கொதிநீரைக் கலந்தால் வெப்பநிலை சுமார் 33 டிகிரிக்கு உயரும். வேறொரு பாத்திரத்தில் அதே அளவு நீரை எடுத்து, எடை 10 கிராம் கூடும்வரை அதனுள் ஆவியைச் செலுத்தினால், வெப்பநிலை ஏறத்தாழ 59 டிகிரியாக வேண்டும். பாத்திரம் ஏற்கும் வெப்பத்தாலும் வெளியே சிதறும் வெப்பத்தாலும் நாம் காணும் எண் சற்றுக் குறைவாகவே இருக்கும். மிகவும் குறைந்தால் ஆவிக்குழாயைச் சோதிக்கவேண்டும். குழாயிலேயே குளிர்ந்து நீரான துளிகள் ஆவியுடன் சேர்ந்து விழுந்திருக்கும். 10 கிராமில் ஒரு கிராம் இவ்வாறு நீராக வந்திருந்தால், விடை 59-க்குப் பதில் சுமார் 56½ டிகிரியாகிவிடும். குழாயின் நடுவே ஒரு நீர்ப்பொறியை அமைப்பது இதற்கு மாற்றாகும். குழாயை நீரில் அமிழ்த்தியிருக்கும்போது அடுப்பை அணைக்கலாகாது. அணைத்தால் உள்ளே ஆவி சுருங்கி, குளிர்நீர் கொதிகுடுவைக்குள் ஏறிவிடும்.

நடைமுறையில் கருதவேண்டியது ஒன்றுண்டு. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டி நன்கு கொதிக்கும்போது அதன் மூக்கருகே வெறுமையாகத் தோன்றும் சிறு இடைவெளியில் இருப்பதே ஆவி. அதற்கு அப்பால் வெண்புகைபோல் தெரிவது, காற்றில் குளிர்ந்து ஏற்கெனவே நீரான நுண்துளிகள். அது தன் உள்ளுறை வெப்பத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டது. நீண்ட கைப்பிடியுள்ள குளிர்ந்த கரண்டியை அந்த இடைவெளியில் நீட்டினால், வெறுமையாய்த் தோன்றிய இடத்திலிருந்து நீர் வடிவதைக் காணலாம். ஆதலால் வெண்மையைக் கண்டு விலகுவது போதாது. அதற்கும் வாய்க்கும் இடைப்பட்ட இடமே அபாயமானது.

இட்டலிப் பானையின் மூடியைத் திறக்கும்போது நமக்கு எதிர்ப்புறத்து விளிம்பை முதலில் தூக்கவேண்டும். அப்போது மூடியே தடுப்பாக நிற்க, ஆவி அப்புறமாகப் போய்விடும். பிரஷர் குக்கரில் ஆவி 100 டிகிரிக்கு மேலும் சூடாக இருக்கும். அழுத்தம் முழுவதும் தணிந்த பின்னரே அதனைத் திறக்கவேண்டும்.

ஆவி பட்டுவிட்டால், தோல் ஏற்ற வெப்பத்தை விரைவில் வெளியேற்றுவதே முதல் வேலை. தோலின் மேற்பரப்பு நீங்கியும் உள்ளே சென்ற வெப்பம் சிறிது நேரம் திசுக்களை வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே வளையல், மோதிரம், நனைந்த ஆடை ஆகியவற்றை நீக்கி, ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் அவ்விடத்தில் விடவேண்டும். தோலோடு ஒட்டிய ஆடையை இழுக்கக்கூடாது. பனிக்கட்டி, வெண்ணெய், மை, பற்பசை ஆகியவை ஆகா. முகத்தில் ஆவி பட்டவருக்கோ, அதைச் சுவாசித்தவருக்கோ குரல் கம்மினாலும் மூச்சுத் திணறினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். உலர்ந்த வெப்பக்காற்று தன் வெப்பத்தைத் தொண்டைக்கு மேலேயே பெரும்பாலும் இழந்துவிடும். ஆவியோ தன் உள்ளுறை வெப்பத்தை மூச்சுக்குழலின் உட்பகுதிவரை கொண்டு செல்ல வல்லது.