ஓவனில் சுடும் நல்லி எலும்பு

நல்லி எலும்பை ஓவனில் சுடும்போது உள்ளிருக்கும் மஜ்ஜை வேக வேண்டும், ஆனால் உருகி ஓடிவிடக் கூடாது. மஜ்ஜையில் பெரும்பகுதி கொழுப்புதான். அதை மெல்லிய சவ்வு போன்ற திசு பிடித்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டால் கொழுப்பு தட்டில் வழிந்து, எலும்புக்குள் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அதனால்தான் மிதமான சூட்டில் நெடுநேரம் வைக்காமல், நல்ல சூட்டில் சீக்கிரம் சுட்டு எடுக்கிறார்கள்.

இந்த முறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லண்டனில் 1994இல் தொடங்கிய செயிண்ட் ஜான் உணவகம். அதன் சமையல்காரர் ஃபெர்கஸ் ஹெண்டர்சன் கன்றின் எலும்பைச் சுட்டு, பார்ஸ்லிக் கீரை சாலட், வாட்டிய ரொட்டி, கல்லுப்பு ஆகியவற்றோடு பரிமாறினார். உப்பு தனியாக வருவதற்குக் காரணம் உண்டு. மஜ்ஜைக்கென்று தனி உப்புச் சுவை கிடையாது. உப்பில்லாமல் தின்றால் சீக்கிரமே திகட்டிவிடும்.

எலும்பு தொடையின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். மூட்டுப் பக்கம் பஞ்சு போன்ற எலும்பே அதிகம், சுரண்டி எடுக்க ஒன்றும் இராது. கடையிலேயே மூன்று அங்குல நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்து வாங்குவது நல்லது. கத்தியால் வெட்டினால் எலும்பு சிதறி, சில்லுகள் மஜ்ஜையில் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை இடையிடையே மாற்றி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் உள்ளிருக்கும் இரத்தம் வெளியேறி மஜ்ஜை வெளுக்கும். அவசரமென்றால் இதை விட்டுவிடலாம். சுவை கெடாது, நிறம்தான் சற்று மங்கும்.

மூன்று அங்குலத் துண்டுகள் நான்கை எடுத்துக்கொள்வோம். ஈரத்தைத் துடைத்து, அகன்ற வாய் கீழே இருக்கும்படி தட்டில் நிமிர்த்தி, 230 டிகிரி செல்சியஸுக்கு முன்பே சூடேறிய ஓவனில் வைக்க வேண்டும். பதினைந்தாவது நிமிடத்தில் பார்த்தால் மேற்பரப்பு லேசாகச் சிவந்திருக்கும். ஆனால் மெல்லிய கம்பியை நடுவில் இறக்கினால் பாதியில் தடுக்கும். அங்கே இன்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது என்று பொருள். இருபது நிமிடம் ஆகும்போது கம்பி தடையின்றி இறங்கும், வெளியே எடுத்துத் தொட்டால் நன்றாகச் சுடும். மஜ்ஜை ஓரத்தில் எலும்பைவிட்டு விலகி, சிறு குமிழிகள் எழும்பும். தட்டை அசைத்தால் மஜ்ஜை தளதளவென்று ஆடும். இதுதான் பதம்.

தட்டில் கொஞ்சம் கொழுப்பு வழிந்திருப்பது சகஜம். குளம் கட்டி, மஜ்ஜை எலும்புக்குள் கீழே இறங்கிவிட்டிருந்தால் நேரம் தாண்டிவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை. நீளவாக்கில் பிளந்த எலும்பில் மஜ்ஜை திறந்தே கிடப்பதால் பத்து நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். ஆட்டு நல்லி மெலிந்தது என்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எடுத்த கையோடு நீண்ட கரண்டியால் தோண்டி, சூடான ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும். ஆறினால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும்.