நைட் டியூட்டி முடிந்து வண்டி ஓட்டுறீங்களா? நர்ஸ்களுக்கான பயிற்சி சொல்வது என்ன?

நாகர்கோவிலில் ஒரு நர்ஸ் காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல், இரவு 8 மணி டியூட்டிக்குப் போகிறார் என வைத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கே அவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அப்போது கவனம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரைப் போலக் குறைகிறது என்கின்றன ஆய்வுகள். இந்தியாவில் வண்டி ஓட்ட வரம்பே 0.03 சதவீதம்தான். காலை 8 மணிக்கு தக்கலைக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது 26 மணி நேரம் ஆகியிருக்கும்!

என்ன பண்ணலாம்?

ஷிஃப்டில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 2015-ல் இலவச ஆன்லைன் பயிற்சி கொண்டுவந்தது. அது வலியுறுத்தும் முக்கிய விஷயம் குட்டித் தூக்கம். டியூட்டிக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். நடு இரவு பிரேக்கில் 15 முதல் 30 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கம் வந்து, எழுந்ததும் மந்தமாக இருக்கும். அந்த மந்தம் தெளியும் முன் மருந்து அளவு பார்க்கக் கூடாது.

கடந்து வந்த தூரம் நினைவில் இல்லையா? உடனே வண்டியை ஓரம் கட்டுங்க.

பயிற்சி மட்டும் போதாது. ஷிஃப்ட் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறினால்தான் உடல் எளிதாகப் பழகும். அது அட்டவணை போடுபவர் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பயிற்சி மேலாளர்களுக்கும் சேர்த்தே தயாரிக்கப்பட்டது.