நடு வரிசைகளில் ஏன் இவ்வளவு கூட்டம்?

அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய தாவரவியலாளர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ, 1914-இல் ஒரு புகைப்படத்தை வெளியிட்டார். 175 மாணவர்கள் உயரவாரியாக வரிசை கட்டி நிற்கும் படம் அது. அங்குலத்துக்கு ஒரு வரிசை. 4 அடி 10 அங்குலத்தில் ஒரே ஒருவர். 6 அடி 2 அங்குலத்திலும் ஒரே ஒருவர். 5 அடி 5 முதல் 5 அடி 8 வரையிலான நான்கே வரிசைகளில் சரியாக 100 பேர். மேலிருந்து பார்த்தால் மனிதர்களே ஒரு மணியின் வடிவத்தை வரைந்துவிட்டார்கள்.

இதை எந்த பி.எட். வகுப்பிலும் செய்துபார்க்கலாம். பள்ளி மாணவர்கள் இதற்குச் சரிவர மாட்டார்கள். எட்டாம் வகுப்பில் ஒருவன் வளர்ந்து முடித்திருப்பான், இன்னொருவன் தொடங்கியே இருக்க மாட்டான். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிற்கவைத்து, தலைமேல் மூலைமட்டத்தைப் படிய வைத்து அளக்கவேண்டும். எல்லோரையும் ஒரே வேளையில் அளப்பது நல்லது. காலையில் இருந்த உயரம் மாலைக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும்.

முதலில் கிடைக்கும் படம் பெரும்பாலும் ஏமாற்றமளிக்கும். மணி இருக்காது, பல்லும் பள்ளமுமாக இருக்கும். பிளேக்ஸ்லீயின் படத்திலேயே 5 அடி 9-இல் 17 பேர், 10-இல் 11, பிறகு 11-இல் மறுபடியும் 17. ஏதோ தனிக் காரணம் இருப்பதாக நினைக்கத் தோன்றும். ஆனால் ஆட்கள் குறைவாக இருக்கும்போது தற்செயலாகவே இப்படி ஏறி இறங்கும். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளைச் சேர்த்துவிட்டால் போதும்: 1, 1, 12, 29, 51, 44, 28, 8, 1. பள்ளம் மறைந்து மேடு தெளிகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களை விட்டுவிட்டு நான்கு சென்டிமீட்டர் கட்டங்களில் எண்ணினால் இதே தெளிவு வரும்.

சரி, ஏன் மேடு? அதே வகுப்பில் ஒவ்வொருவரும் பத்து நாணயங்களைச் சுண்டட்டும். 145 சென்டிமீட்டரில் தொடங்கி, விழும் ஒவ்வொரு பூவுக்கும் 4 சென்டிமீட்டர் கூட்டவேண்டும். பத்தும் பூவானால் 185. அப்படி விழ 1,024 வழிகளில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஐந்து பூ, ஐந்து தலை விழவோ 252 வழிகள். நான்கு, ஐந்து, ஆறு பூக்களைச் சேர்த்தால் 672. ஆகவே நாற்பது பேரில் ஏறக்குறைய 26 பேர் 161-க்கும் 169-க்கும் இடையில் வந்து நிற்பார்கள். நடுவுயரத்தின்மீது இயற்கைக்குத் தனிப் பிரியம் ஒன்றும் இல்லை. அங்கே வந்துசேர வழிகள் அதிகம், அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும் என்பேன்.

மெண்டலின் பட்டாணிச் செடிகளில் நெட்டை, குட்டை என்று இரண்டே வகை. ஒரே மரபணு முடிவு செய்தால் அப்படித்தான் ஆகும். மனித உயரம் ஏன் அவ்வாறு பிரியவில்லை என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். தனித்தனியே மெண்டல் விதிப்படி நடக்கும் பல மரபணுக்கள் ஆளுக்குச் சிறிது கூட்டினால் தொடர்ச்சியான உயரங்களே கிடைக்கும் என்று 1918-இல் ரொனால்டு ஃபிஷர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2022-இல் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்தபோது, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 இடங்கள் தெரியவந்தன. நம் நாணயங்கள் பத்து. உடம்பின் நாணயங்கள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. குழந்தைப் பருவச் சாப்பாடும் நோய்களும் அதே கூட்டலில் சேர்ந்துகொள்கின்றன.

பங்குகள் சிறியவையாக இருக்கும்வரைதான் மணி நிற்கும். எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் நேரும் ஒரே மாற்றம், வளர்ந்த ஒருவரைச் சுமார் 130 சென்டிமீட்டரில் நிறுத்திவிடக்கூடும். அவரை இந்த வளைவின் ஓரமாகக் கருதக் கூடாது. மற்ற ஆயிரம் நாணயங்களையும் மீறிய ஒரு பெரிய காரணம் அங்கே இருக்கிறது.

ஆணா பெண்ணா என்பதும் பெரிய காரணம்தான். சராசரியில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் வித்தியாசம். அப்படியானால் கலப்பு வகுப்பில் இரட்டை மேடு வரவேண்டாமா? பெரும்பாலும் வராது. ஒவ்வொரு பாலாரும் தத்தம் சராசரியைச் சுற்றி ஏழு சென்டிமீட்டர் அளவுக்குப் பரவியிருக்கிறார்கள். அந்தப் பரவலின் இரு மடங்கை இடைவெளி தாண்டினால்தான் நடுவே பள்ளம் விழும். தாண்டாதபோது இரண்டு மணிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, உச்சி தட்டையான ஒரே மேடாகிவிடுகின்றன. பலகையில் ஒட்டும்போது மாணவியருக்கு ஒரு நிறத் துண்டுத்தாள், மாணவருக்கு வேறு நிறம் என்று கொடுத்துவிட்டால், அந்தத் தட்டை உச்சிக்குள் இரண்டு மணிகள் ஒளிந்திருப்பது தெரியும்.