கார்டு என்றால் 2% எக்ஸ்ட்ரா: அந்த 1,000 ரூபாய் உண்மையில் யாருக்குப் போகிறது?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லேப்டாப்போ மானிட்டரோ வாங்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி, கடைசியில் 50,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப்பை முடிவு செய்கிறீர்கள். பர்ஸிலிருந்து கிரெடிட் கார்டை எடுத்ததும் கடைக்காரர் சொல்கிறார்: "கார்டா சார்? டூ பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும். கேஷ், யு.பி.ஐ-னா ஓகே."

கூடுதலாக 1,000 ரூபாய். கடைக்காரர் அடிக்கிற கொள்ளை என்று சிலர் நினைப்போம். விசா, மாஸ்டர்கார்டு மாதிரி அமெரிக்க கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன என்று வேறு சிலர் நினைப்போம். உண்மையில் அதில் பெரும்பங்கு போய்ச் சேருவது உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. அந்தப் பங்கின் பெயர்தான் இன்டர்சேஞ்ச் கட்டணம்.

கார்டைச் சொருகியதும் என்ன நடக்கிறது?

இந்தப் பரிவர்த்தனையில் உங்களையும் கடைக்காரரையும் தவிர மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாவது, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. இரண்டாவது, கடைக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்து, கடையின் கணக்கில் பணம் போடும் வங்கி. இந்த இரண்டுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் பாலம்தான் மூன்றாவது: விசா, மாஸ்டர்கார்டு, அல்லது நம் ஊர் ரூபே.

கார்டைச் சொருகி பின் நம்பர் போட்டதும், மெஷின் ஒரு கேள்வியைக் கடையின் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி அதை நெட்வொர்க்குக்குத் தள்ளுகிறது. கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே இது எந்த வங்கியின் கார்டு என்று நெட்வொர்க்குக்குத் தெரிந்துவிடும். கேள்வி உங்கள் வங்கிக்குப் போகிறது. பின் நம்பர் சரியா, லிமிட் இருக்கிறதா, கார்டு தொலைந்ததாகப் புகார் உண்டா, வழக்கத்துக்கு மாறான செலவா என்று அது பார்த்து பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்த வழியே திரும்பி வந்து, மெஷினில் 'அப்ரூவ்ட்' என்று தெரிகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இந்த நிமிடம் வரை ஒரு ரூபாய்கூட கைமாறவில்லை. உங்கள் வங்கி "50,000 ரூபாய்க்கு நான் பொறுப்பு" என்று வாக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறது.

அப்போ பணம் எப்போது நகர்கிறது?

அன்றைய விற்பனை முழுவதையும் கடையின் வங்கி மொத்தமாகத் திரட்டி நெட்வொர்க்குக்கு அனுப்பும். எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தரவேண்டும் என்று நெட்வொர்க் கணக்குப் போட்டு, வரவையும் செலவையும் நேர் செய்து, மிச்சத்தை மட்டும் தீர்க்கச் சொல்லும். கடைக்காரரின் கணக்கில் பணம் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் விழும்.

முழு 50,000 விழாது. கடை தன் வங்கியோடு ஒப்புக்கொண்ட எம்.டி.ஆர் என்ற கட்டணம் அதில் கழியும். நம் உதாரணத்தில் எம்.டி.ஆர் 2%, அதற்குள் இன்டர்சேஞ்ச் 1.6% என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இது கார்டின் வகையையும் கடையின் வகையையும் பொறுத்து மாறும். கணக்கு புரிவதற்காகத்தான் இந்த எண்கள்.

உங்கள் வங்கி 50,000-ல் 800 ரூபாயைத் தன்னிடமே பிடித்துக்கொண்டு 49,200-ஐ அனுப்புகிறது. அதுதான் இன்டர்சேஞ்ச். தனியாக பில் எதுவும் வராது, வழியிலேயே கழிந்துவிடும். கடையின் வங்கி, 2% கட்டணமான 1,000 ரூபாயையும் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி-யான 180 ரூபாயையும் கழித்து, 48,820-ஐக் கடைக்குக் கொடுக்கிறது. ஜி.எஸ்.டி-யில் பதிவு செய்த கடை அந்த 180-ஐ வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கடையின் நிஜ நஷ்டம் 1,000 ரூபாய்.

அந்த 1,000-ல் 800 உங்கள் வங்கிக்குப் போய்விட்டது. மீதி 200-ல் நெட்வொர்க்குக்கு 50 ரூபாய் என்று வைத்தால், கடையின் வங்கிக்கு மிஞ்சுவது 150. மெஷின், அதன் பராமரிப்பு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டு ஓடினால் வரும் ரிஸ்க் எல்லாவற்றையும் அது இதற்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

800 ரூபாயை உங்கள் வங்கி என்ன செய்கிறது?

கடைக்கு மறுநாளே பணம் போய்விடுகிறது. நீங்களோ பில் தேதி வந்து, கெடு வந்து, சுமார் 40 நாள் கழித்துத்தான் கட்டுகிறீர்கள். அந்த 40 நாளும் 50,000 ரூபாய் வங்கியுடையது. வங்கிக்கு அந்தப் பணம் ஆண்டுக்கு 7% செலவில் கிடைக்கிறது என்று வைத்தால், 40 நாளுக்குச் செலவு சுமார் 384 ரூபாய். உங்கள் கார்டு 1% ரிவார்டு தருகிறது என்றால் அதற்கு 500 ரூபாய். இரண்டும் சேர்ந்தாலே 884. வாங்கிய 800-ஐ விட அதிகம்!

அதாவது மாதாமாதம் முழு பில்லையும் ஒழுங்காகக் கட்டும் வாடிக்கையாளரால் வங்கிக்குப் பெரிய லாபம் இல்லை. 'மினிமம் டியூ' மட்டும் கட்டிவிட்டு, மாதம் 3.5% போல வட்டி கட்டுகிறவரிடம்தான் லாபம் இருக்கிறது. உங்களுக்கு வரும் ரிவார்டு பாயின்ட், வட்டியில்லாத 40 நாள் இரண்டும் வானத்திலிருந்து விழவில்லை. கடைக்காரர் விட்டுக்கொடுக்கும் 2%-இலும், வேறு யாரோ கட்டும் வட்டியிலும் இருந்து வருகின்றன. கடைக்காரர் அந்த 2%-ஐ தனியாகக் கேட்காமல் விலையிலேயே ஏற்றிவைத்தால், கேஷ் கொடுப்பவரும் உங்கள் ரிவார்டுக்குச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

போட்டி இருந்தும் கட்டணம் ஏன் குறைவதில்லை?

சாதாரணமாகப் போட்டி வந்தால் விலை குறையும். இங்கே தலைகீழ். இன்டர்சேஞ்ச் விகிதத்தை நிர்ணயிப்பது நெட்வொர்க். அது கிடைப்பது கார்டு கொடுக்கும் வங்கிக்கு. "எங்கள் கார்டைக் கொடுங்கள்" என்று வங்கிகளை இழுக்க வேண்டுமென்றால், நெட்வொர்க்குகள் அதிக இன்டர்சேஞ்ச் காட்டித்தான் இழுக்க வேண்டும். அதைக் கட்டப்போகும் கடைக்காரருக்கோ இந்தப் பேச்சில் இடமே இல்லை. வாடிக்கையாளர் கையில் இருக்கும் கார்டை வேண்டாம் என்று சொன்னால் வியாபாரம் போய்விடும்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் சட்டம் போட்டு, இன்டர்சேஞ்சை டெபிட் கார்டுக்கு 0.2%, கிரெடிட் கார்டுக்கு 0.3% என்று கட்டிப்போட்டது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி வேறு வழியில் போனது. இன்டர்சேஞ்சை விட்டுவிட்டு, கடை கட்டும் எம்.டி.ஆர்-க்கு உச்சவரம்பு வைத்தது, அதுவும் டெபிட் கார்டுக்கு மட்டும். கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. இன்டர்சேஞ்சையும் கட்டுப்படுத்தலாமா என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது.

டெபிட் கார்டுக்கும் 2% கேட்டால்?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு மேல் உள்ள கடைக்கு ஸ்வைப் மெஷினில் டெபிட் கார்டுக்கான எம்.டி.ஆர் அதிகபட்சம் 0.90%, அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதற்குக் கீழ் உள்ள சிறு கடைக்கு 0.40%, உச்சவரம்பு 200 ரூபாய். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ-க்கும் எம்.டி.ஆர் பூஜ்யம்.

இப்போது நம் லேப்டாப்புக்கு வருவோம். 50,000 ரூபாய்க்கு விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு கொடுத்தால் கடைக்கு ஆகும் செலவு அதிகபட்சம் 450 ரூபாய். ரூபே டெபிட் என்றால் ஒன்றுமே இல்லை. அதற்கும் "கார்டுனா டூ பர்சென்ட்" என்று 1,000 ரூபாய் கேட்டால், அது வங்கிக் கட்டணம் கிடையாது, கடையின் கூடுதல் வருமானம். டெபிட் கார்டுக்கு வாடிக்கையாளரிடம் இப்படிக் கட்டணம் வசூலிப்பது நியாயமில்லை, அப்படிச் செய்யும் கடையோடு உறவையே முறிக்கலாம் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. புகார் செய்ய நினைத்தால் பில்லையும் சார்ஜ் ஸ்லிப்பையும் பத்திரமாக வையுங்கள். கடையின் வங்கி எது என்பது பெரும்பாலும் ஸ்லிப்பிலேயே இருக்கும்.

க்யூ.ஆர் கோட் ஸ்கேன் பண்ணினால் எப்போதும் இலவசமா?

உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து போனால் ஆமாம். ஆனால் 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ ஆப்பில் இணைக்கலாம். அப்போது ஸ்கேன் செய்வது அதே க்யூ.ஆர் கோடைத்தான் என்றாலும், பின்னால் ஓடுவது கிரெடிட் கார்டு கணக்கு. சிறு வியாபாரிகளுக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை என்று விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் கடைக்கு எம்.டி.ஆர் உண்டு, அதற்குள் இன்டர்சேஞ்சும் உண்டு. சில கடைகளில் "யு.பி.ஐ ஓகே, ஆனா கிரெடிட் கார்டு வேண்டாம்" என்று சொல்வது இதனால்தான்.

பணம் போச்சு, ஸ்லிப் வரவில்லை என்றால்?

உங்கள் வங்கி 'சரி' சொன்ன பிறகு, அந்தப் பதில் மெஷினுக்கு வந்து சேராமல் வழியில் அறுந்துபோவது உண்டு. உங்கள் போனில் பணம் போனதாக மெசேஜ் இருக்கும், மெஷினில் ஒன்றும் இருக்காது. கடைக்காரர் "வரல சார், இன்னொரு தடவை போடுங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே பணம் வரவில்லை.

அவசரம் என்றால் இரண்டாவது முறை யு.பி.ஐ-யிலோ கேஷாகவோ கொடுங்கள். முதல் தொகையை ஐந்து நாளுக்குள் உங்கள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, கேட்க வேண்டியது உங்கள் வங்கியிடம்.

சரி, அந்த லேப்டாப்பை எப்படி வாங்குவது?

கையில் பணம் இருந்தால் கணக்கு சுலபம். 1,000 ரூபாய் எக்ஸ்ட்ரா கொடுத்து 500 ரூபாய் ரிவார்டு வாங்குவதில் அர்த்தமில்லை. யு.பி.ஐ-யில் கட்டிவிடுங்கள். கார்டில் 2%-ஐ விட அதிக தள்ளுபடி ஆஃபர் இருந்தாலோ, அந்த 40 நாள் அவகாசம் உண்மையிலேயே தேவைப்பட்டாலோ மட்டும் கார்டை நீட்டலாம். அவகாசத்துக்காக என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 40 நாளுக்கு 1,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 18% வட்டிக்குச் சமம்.