ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் வெப்ப மீச்சுமை ரிலேவும்: உருகி காக்காத இடம்

முன்னுரை
சேலம் சூரமங்கலத்தைச் சுற்றியும் நாமக்கல் சமவெளியிலும் நிலம் கடும்பாறையாக இருப்பதால் பாசனம் பெரிதும் ஆழ்துளைக் கிணற்றையே சார்ந்துள்ளது. அங்கு மூழ்கு மோட்டார் எரிவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போதல். உருகி இருந்தும் மோட்டார் எவ்வாறு எரிகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உருகியின் எல்லை
முழுச்சுமையில் 11 ஆம்பியர் எடுக்கும் 7.5 குதிரைத்திறன் மோட்டாரைக் கொள்வோம். நேரடியாகத் தொடங்கும்போது அது சில நொடிகளுக்கு ஆறேழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்குவதற்காக 25 ஆம்பியர் உருகி பொருத்தப்படுகிறது. அத்தகைய பொதுவகை உருகி 31 ஆம்பியர் வரை உருகாது. ஒரு முனை அறுந்தால் எஞ்சிய இரு முனைகளிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகி 19 ஆம்பியரை எட்டும். சுருணை வெந்துகொண்டிருக்க, உருகிக்கோ அது இயல்பான சுமையாகவே தோன்றும். மூன்று உருகிகளுள் ஒன்று மட்டும் உருகுவதே இந்நிலையை உண்டாக்கும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ரிலேயின் செயல்
ரிலேயில் முனைக்கு ஒன்றாக மூன்று ஈருலோகப் பட்டைகள் உள்ளன. மோட்டாரின் மின்னோட்டம் அவற்றைச் சூடாக்கி வளைக்கிறது. போதுமான அளவு வளைந்ததும் 95, 96 என எண்ணிடப்பட்ட தொடுமுனை திறந்து, கான்டாக்டர் சுருளின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. மோட்டாரைத் துண்டிப்பது கான்டாக்டரே. ரிலே கட்டளை மட்டுமே இடுகிறது. குறுக்குச்சுற்றின் பேரோட்டத்தைத் துண்டிக்க இவ்விரண்டாலும் இயலாது. அதற்கு உருகியே வேண்டும். ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

துண்டிப்பு வகுப்பு
ஐஇசி 60947-4-1 தரத்தின்படி, குளிர்ந்த நிலையில் அமைவு மின்னோட்டத்தின் 7.2 மடங்கு பாயும்போது வகுப்பு 10 ரிலே 4 முதல் 10 நொடிக்குள்ளும், வகுப்பு 20 ரிலே 6 முதல் 20 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். சூடேறிய நிலையில் 1.5 மடங்கிற்கு வகுப்பு 10இன் எல்லை 4 நிமிடம்; வகுப்பு 20க்கு 8 நிமிடம். மூழ்கு மோட்டாரின் உடல் ஒடுங்கியது. வெப்பத்தைத் தேக்கும் திறன் குறைவு. ஆனால் அது விரைந்து வேகம் பெறுவதால் வகுப்பு 10 தொடக்கத்திற்குத் தடையாகாது. கனத்த சக்கரம் மெல்ல வேகமெடுக்கும் ஆலை எந்திரங்களுக்கே வகுப்பு 20 தேவை. அதை எடுத்துக் கிணற்று மோட்டாருக்குப் பொருத்துவது, இறுகிநின்ற சுழலியைக் கூடுதல் நொடிகள் வேகவிடுவதாகும்.

அமைவில் நேரும் பிழை
அமைவுத் திருகு மோட்டாரின் பெயர்ப்பலகை காட்டும் 11 ஆம்பியரில் நிற்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுருணை வழியில் இருந்தால் அதன் 0.58 மடங்கான 6.4 ஆம்பியரே சரி. அங்கும் 11 என வைத்தால் காவல் இல்லை என்றே கொள்ளலாம். ரிலே அடிக்கடி துண்டிக்கிறது என்று திருகை ஏற்றுவதும் இத்தகையதே. கோடையில் தகரப்பெட்டி கொதிப்பது ஒரு காரணமாகலாம். சுற்றுப்புற வெப்ப ஈடுபட்டை உள்ள ரிலே இதைச் சமாளிக்கும். ஈடுபட்டை இருந்தும் துண்டித்தால் மூன்று முனைகளின் மின்னோட்டத்தையும் அளந்து பார்ப்பதே முறை.

நீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடும்போது மின்னோட்டம் குறைகிறதே தவிர ஏறுவதில்லை. ரிலே அதை உணராது. அதற்குக் குறைமின்னோட்டக் காப்பு தனியாக வேண்டும்.