கழுத்துக்கு ஏற்ற காலர்

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடினால் கிடைப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் பழைய அடையாள அட்டையிலிருந்து பிரித்தெடுத்தது. முகம் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் அலுவலக முத்திரையின் மை ஒரு தோளில் பரவி, காலர் நுனிவரை ஏறியிருக்கிறது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கோட்டும் போட்டுத் தரச் சொல்கிறார்கள். ஸ்டுடியோக்களுக்கு இது அன்றாட வேலைதான். இருந்தும் சுவரில் மாட்டிய பல படங்களில், வேறு யாருடைய உடம்பிலோ அவர் தலையை ஒட்டியதுபோல் ஏதோ உறுத்துகிறது. பெரும்பாலும் அந்த உறுத்தல் கழுத்தில்தான் இருக்கும்.

முதலில் படத்தை 1200 dpi-இல் ஸ்கேன் செய்ய வேண்டும். 3.5 செ.மீ. அகலப் படம் அப்போது சுமார் 1650 புள்ளி அகலம் வரும். 12 அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டு, சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்க இது போதும்.

அடுத்தது கோட்டுப் படத்தைத் தேர்ந்தெடுப்பது. ஸ்டுடியோக்களில் தலையில்லாத கோட்டு சூட்டுப் படங்கள் நிறைய இருக்கும். அழகைப் பார்த்து எடுக்காமல், வெளிச்சத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, கோட்டின் மடிப்பு நிழலும் அந்தப் பக்கமே விழ வேண்டும். ஒத்து வராவிட்டால் கோட்டை இடவலமாகத் திருப்பிவிடுவது வழக்கம். அங்கே ஒரு சிக்கல்: ஆண்கள் சட்டையிலும் கோட்டிலும் இடப்பக்கத் துணிதான் மேலே வரும், மார்புப் பையும் இடப்பக்கம்தான். திருப்பினால் இரண்டும் மாறிப்போகும். தையல் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே படும். வெளிச்சம் ஒத்துவரும் வேறு கோட்டைத் தேடுவதே நல்லது.

இனி கழுத்து. பழைய காலரை அழித்ததும், தாடைக்கும் புதுக் காலருக்கும் நடுவே தோல் இல்லாத இடைவெளி வரும். கன்னத்துத் தோலை எடுத்து அங்கே நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தாடையின் நிழலில் இருப்பதால் கழுத்து முகத்தைவிடக் கருமையாகத்தான் இருக்கும். கன்னத்தை அங்கே கொண்டுவந்தால் கழுத்து வெளுத்துத் துருத்தும். மிஞ்சியிருக்கும் கழுத்திலிருந்தே Clone Stamp கொண்டு, opacity-ஐக் குறைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்க வேண்டும். Healing Brush காலர் ஓரத்தில் உதவாது, துணியின் நிறத்தைத் தோலுக்குள் இழுத்துவிடும்.

காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழிவரை இரண்டு தசைகள் சாய்வாக இறங்குகின்றன. அவற்றின் மெல்லிய ஒளியும் நிழலும் இல்லாவிட்டால் கழுத்து குழாய் மாதிரி ஆகிவிடும். வயதானவரின் கழுத்து மடிப்புகளையும் குரல்வளை மேட்டையும் அப்படியே விட்டுவிட வேண்டும், வீட்டார் அடையாளம் காண்பது அவற்றை வைத்தும்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் தொண்டைக்குழி தோள்களின் நடுவில்தான் இருக்கும். ஆகவே காலரின் நடுவை முகவாய்க்கு நேர் கீழே கொண்டுவந்து வைக்கக் கூடாது.

மாதிரிக் கோட்டுகள் பெரும்பாலும் இளைஞர்களின் கழுத்துக்கு அளவெடுத்தவை. மெலிந்த முதியவருக்கு அதைப் பொருத்தும்போது கழுத்தை இழுத்து அகலமாக்கிவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. மாற வேண்டியது சட்டை. Warp வைத்துக் காலரைச் சுருக்கலாம், அல்லது கழுத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளி தெரிய விட்டுவிடலாம். மெலிந்தவர்களுக்குக் காலர் அப்படித் தளர்ந்துதான் நிற்கும்.

காலரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிடரிக்குப் பின்னால் போகும் பகுதி கழுத்துக்கு அடியிலுள்ள லேயரிலும், முன்பகுதி மேல் லேயரிலும் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் தலை சட்டைக்குள் இறங்காமல் சட்டைமேல் உட்கார்ந்திருக்கும். காலர் கழுத்தைத் தொடுமிடத்தில் மெல்லிய நிழல் ஒன்று வேண்டும். அதை Multiply லேயரில் தீட்டலாம். தாடையின் நிழல் காலர்வரை நீண்டால் வெள்ளைத் துணியின்மேலும் அது விழ வேண்டும்.

கடைசியாக, புதுக் கோட்டின் நூலிழைகூடத் தெரியும், பழைய முகமோ சற்று மங்கல். முகத்தைக் கூர்மையாக்கப் போனால் முகமே மாறிவிடும். கோட்டைத்தான் Gaussian Blur கொண்டு முகத்தின் அளவுக்கு மங்கலாக்கி, அதே பொரிப்பொரியையும் சேர்க்க வேண்டும். சட்டையைப் பளீர் வெள்ளையாக விடாமல், நெற்றியில் பளிச்சிடும் இடத்தோடு ஒப்பிட்டுச் சற்றுத் தணிக்க வேண்டும்.

பிரிண்ட் போடுமுன் வீட்டாருக்குப் போனில் அனுப்பும்போது, பழைய சட்டையில் திறந்திருந்த மேல் பட்டனைப் பற்றியும் கேட்டுவிடுவது நல்லது. அவர் வாழ்நாளில் அந்தப் பட்டனைப் போட்டதே இல்லை என்றால், கோட்டை விட்டுவிட்டு, மேல் பட்டன் திறந்த வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகச் செய்து கொடுக்கலாம். அப்படிச் செய்தால் கழுத்தில் புதிதாக நிரப்ப வேண்டிய தோலும் குறைவு.